ஒரே பில்லுக்கு இரண்டு முறை கார்டில் பணம் போனால்: வங்கிக்கு முன் கடையில் செய்ய வேண்டியவை

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வருகிறது. ஒரே கடை, ஒரே தொகை, இரண்டு வரி. உடனே வங்கியின் கஸ்டமர் கேருக்குப் போன் போடத்தான் கை போகும். அங்கே முதல் கேள்வியே, "கடையில கேட்டீங்களா சார்?" என்பதுதான். பலர் இதைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கடையில் கேட்டு எழுத்தில் வாங்கும் பதில்தான், பின்னால் சார்ஜ்பேக், அதாவது உங்கள் வங்கி மூலம் கடையிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கை, போட நேர்ந்தால் உங்கள் கையில் இருக்கும் முக்கியமான ஆதாரம். பலருக்குச் சார்ஜ்பேக் வரை போக வேண்டிய தேவையே வராது.

கார்டு புதிதாக வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்கு நேரில் போய், ஸ்வைப் மெஷினில் கார்டு போட்டு, பின் நம்பர் அடித்த பரிவர்த்தனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், உண்மையிலேயே இரண்டு முறை போயிருக்கிறதா?

மொபைலுக்கு இரண்டு எஸ்எம்எஸ் வந்ததால் மட்டும் இரண்டு முறை பணம் போனதாக ஆகாது. கார்டை மெஷினில் போட்டதும் வங்கி தருவது ஒப்புதல். அப்போது வருவதுதான் அந்த எஸ்எம்எஸ். கடை அன்றைய கணக்கை முடித்து, அதன் வங்கி உங்கள் வங்கியிடம் பணம் கேட்கும்போதுதான் அது ஸ்டேட்மென்ட்டில் நிரந்தரமாக ஏறும். ஒப்புதல் கிடைத்தும் கடை பணம் கேட்காத பரிவர்த்தனை சில நாளில் தானாக நீங்கிவிடும். அதனால் ஸ்டேட்மென்ட்டில், அல்லது வங்கி ஆப்பில் முடிந்த பரிவர்த்தனைகளின் பட்டியலில், இரண்டு வரியும் நிற்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் இரண்டு விஷயம். ஒன்று, ஆட்-ஆன் கார்டு. வீட்டில் இன்னொருவர் அதே கடையில் அதே விலைக்கு வாங்கியிருக்கலாம். ஸ்டேட்மென்ட்டில் ஆட்-ஆன் கார்டின் செலவு பெரும்பாலும் தனியாக, வேறு கடைசி நான்கு எண்களோடு இருக்கும். இரண்டாவது, ரிவர்சல். இரண்டு வரிகளில் ஒன்றுக்கு எதிராக அதே தொகை வரவாக வந்திருக்கிறதா என்று கீழே வரை பார்த்துவிடுங்கள். அடுத்த மாத ஸ்டேட்மென்ட் இன்னும் வரவில்லை என்றால் ஆப்பில் பில் ஆகாத பரிவர்த்தனைகளையும் திறந்து பாருங்கள். ரிவர்சல் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு கேஸ்: தி.நகரில் வாங்கிய குக்கர், மிக்ஸி

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் சனிக்கிழமை சாயங்காலம், 14ஆம் தேதி, ₹6,840க்கு வாங்கினார். நல்ல கூட்டம். கார்டைப் போட்டு பின் அடித்தார். மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது, ஸ்லிப் வரவில்லை. கேஷியர் பையன், "லைன் கட் ஆயிடுச்சுக்கா, இன்னொரு தடவை போடுங்க" என்றான். இரண்டாவது முறை ஸ்லிப் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் 7.42க்கு ஒரு எஸ்எம்எஸ், 7.46க்கு இன்னொன்று. 20ஆம் தேதி வந்த ஸ்டேட்மென்ட்டில் இரண்டுமே ஏறியிருந்தன. பணம் கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 9.

அவரிடம் இருந்த ஸ்லிப்பின் கீழ்ப்பகுதி இப்படி இருந்தது:

```
BATCH NO: 000318   INV NO: 002417
SALE
AMT: INR 6840.00
APPR CODE: 042915
PIN VERIFIED OK
```

இதில் நமக்கு வேண்டியது APPR CODE என்கிற ஆறு இலக்க ஒப்புதல் எண். சில ஸ்லிப்பில் AUTH CODE என்று இருக்கும். RRN என்று 12 இலக்கத்தில் இன்னொரு எண்ணும் இருக்கும். ஒப்புதல் எண் பெரும்பாலும் ஸ்டேட்மென்ட்டில் வராது. அதனால் கஸ்டமர் கேருக்கு முதல் முறை போன் செய்யும்போது புகார் எதுவும் பதியச் சொல்லாமல், "இந்த ரெண்டு பரிவர்த்தனைக்கும் அப்ரூவல் கோடு, ஆர்ஆர்என் ரெண்டையும் சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். சொல்லும்போது பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த எண்களை வைத்துத்தான் நடந்தது என்ன என்று புரியும். இரண்டு வரிக்கும் ஒரே ஒப்புதல் எண் இருந்தால் நீங்கள் ஒரு முறைதான் பின் அடித்திருக்கிறீர்கள். கடையின் வங்கிப் பக்கத்தில் ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை கணக்கில் ஏறியிருக்கிறது. அதைச் சரிசெய்வது சுலபம், மறுக்க யாராலும் முடியாது. எண்கள் வேறு வேறாக இருந்தால் இரண்டு முறை பின் அடிக்கப்பட்டிருக்கிறது. அப்போது அந்த இரண்டும் ஒரே பில்லுக்குத்தான் என்று நீங்கள் காட்ட வேண்டும். அக்காவுக்கு வங்கி சொன்ன எண்கள் 041872, 042915. இதில் 042915 அவரிடம் இருந்த ஸ்லிப்பில் இருக்கிறது. ஆக, ஸ்லிப் வராமல் போன 041872தான் திரும்பி வர வேண்டியது.

அது ஏன் தானாகத் திரும்பவில்லை? மெஷினுக்குப் பதில் வராமல் லைன் அறுந்தால், அடுத்த முறை இணைப்பு கிடைத்ததும் மெஷின் ஒரு ரத்துச் செய்தி அனுப்ப வேண்டும். அது போய்ச் சேராமல், கடையின் வங்கி தன் சர்வரில் அந்தப் பரிவர்த்தனையை ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தால், கடைக்காரருக்கே தெரியாமல் அது செட்டில் ஆகிவிடும். கேஷியர் பொய் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவர் கண்ணுக்கு அது உண்மையிலேயே ஃபெயில்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட சுற்றறிக்கை இந்த நிலைமையைத்தான் சொல்கிறது. கடை மெஷினில் பணம் பிடிக்கப்பட்டு, ஸ்லிப் வராமல் போனால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். இது காலண்டர் நாள் கணக்கு, ஞாயிறும் சேர்த்தி. அதைத் தாண்டினால் நாளுக்கு ₹100 இழப்பீடு, நீங்கள் கேட்காமலே தர வேண்டும். அக்காவுக்கு அந்த ஐந்து நாள் 19ஆம் தேதியே முடிந்துவிட்டது. இரண்டு முறையும் ஸ்லிப் ஒழுங்காக வந்திருந்தால் இந்த விதி உதவாது. அது கடைக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு.

கடைக்குப் போகும் முன்

ஸ்லிப்பை முதலில் போட்டோ எடுத்து வையுங்கள். அது வெப்பத்தில் அச்சாகிற காகிதம். பர்ஸில் வைத்து இரண்டு மாதம் சென்னை வெயிலில் சுற்றினால் வெள்ளைக் காகிதம்தான் மிஞ்சும். கடையின் பில்லையும் அதே மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பில் எண், ஒரே ஜிஎஸ்டி இன்வாய்ஸ், ஆனால் இரண்டு வசூல்: உங்கள் வாதம் முழுக்க இதில்தான் நிற்கிறது. ஸ்டேட்மென்ட்டில் அந்தப் பக்கம் மட்டும் போதும். முகவரி, மற்ற செலவுகளை மறைத்துவிட்டு, கார்டின் கடைசி நான்கு எண் தெரியும்படி எடுங்கள்.

கடையின் போன் நம்பரை பில்லிலிருந்தே எடுங்கள். கடை பெயரோடு "கஸ்டமர் கேர்" என்று கூகுளில் தேடினால் மோசடிக்காரர்கள் போட்டு வைத்த நம்பர்களும் கலந்து வரும். ரீஃபண்ட் தர ஓடிபி, சிவிவி, யுபிஐ பின் எதுவும் தேவையில்லை. க்யூஆர் ஸ்கேன் செய்யச் சொல்வதும், ஏதாவது ஆப் இறக்கச் சொல்வதும் ரீஃபண்ட்டே கிடையாது. கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

கடையில் யாரிடம், எப்படி

கல்லாவில் இருப்பவரால் பழைய பரிவர்த்தனையைத் திருப்ப முடியாது. அன்றைக்கே, கடை இரவு மெஷினில் கணக்கு முடிப்பதற்கு முன்னால் கவனித்திருந்தால் மட்டும் அந்த மெஷினிலேயே ரத்து செய்ய முடியும். VOID என்று ஒரு ஸ்லிப் வரும், அதை வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்கு முடிந்த பிறகு ரீஃபண்ட்தான் வழி. அது அக்கவுண்ட்ஸ் பார்ப்பவரின் வேலை. அதனால் சனி, ஞாயிறு சாயங்காலம் தி.நகரில் கூட்டத்தோடு நின்று வாதாடாதீர்கள். அக்கா திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனார். அக்கவுண்ட்ஸில் ஆள் இருந்தார், பேச நேரமும் இருந்தது.

மேனேஜர் முதலில் சொன்னது, "மேடம், எங்களுக்கு ஒரு தடவைதான் வந்திருக்கு." இதைக் கிட்டத்தட்ட எல்லாக் கடையிலும் கேட்பீர்கள். அவர்கள் பார்ப்பது பில்லிங் சிஸ்டம். அதில் ஒரு பில்தான் இருக்கும், ஒரு வசூல்தான் தெரியும். நீங்கள் கேட்க வேண்டியது அவர்களுடைய வங்கி தினமும் அனுப்பும் செட்டில்மென்ட் ரிப்போர்ட். "14ஆம் தேதி, 15ஆம் தேதி ரிப்போர்ட்ல இந்த அப்ரூவல் கோடு 041872 இருக்கான்னு பாருங்க சார்" என்று எண்ணோடு கேட்டால் பேச்சு சட்டென்று மாறும். மாதத்தில் ஆயிரக்கணக்கான வரிகளில் ₹6,840ஐத் தேடுவது வேறு, ஒரு எண்ணைத் தேடுவது வேறு. அக்காவின் எண் 15ஆம் தேதி ரிப்போர்ட்டில், எந்தப் பில்லோடும் சேராமல் தனியாகக் கிடந்தது.

அங்கே கிடைத்தால் அன்றே ரீஃபண்ட் போடச் சொல்லுங்கள். இங்கே இரண்டு விஷயத்தில் உறுதியாக இருங்கள். பணம் அதே கார்டுக்குத்தான் திரும்ப வேண்டும். கையில் பணமாகவோ, அடுத்த முறை வாங்கக் கிரெடிட் நோட்டாகவோ வேண்டாம். கார்டில் திரும்பினால்தான் வங்கிக் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, ரீஃபண்ட் போட்டதும் ஏஆர்என் என்கிற 23 இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உடனே வராது, ஓரிரு நாளில் அவர்களுடைய வங்கி தரும். "போட்டாச்சு மேடம், வந்துரும்" என்ற வாக்குறுதியை வங்கியால் தேட முடியாது. ஏஆர்என் இருந்தால் உங்கள் வங்கி அந்த ரீஃபண்ட் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்லிவிடும். சாதாரணமாக ஐந்திலிருந்து ஏழு வேலை நாளில் கார்டில் வரவு விழும்.

நேரில் பேசியதை எழுத்தில் போடுங்கள்

எல்லாம் நல்லபடியாகப் பேசி முடித்தாலும் அன்று இரவே கடையின் மின்னஞ்சலுக்கோ, பில்லில் இருக்கும் வாட்ஸ்அப் எண்ணுக்கோ ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

> வணக்கம். 14ஆம் தேதி உங்கள் கடையில் பில் எண் (எண்) மூலம் ₹6,840க்குப் பொருள் வாங்கினேன். முதல் முறை மெஷினில் ஸ்லிப் வராததால் இரண்டாவது முறை கார்டு போடச் சொன்னார்கள். கார்டின் கடைசி நான்கு எண் (எண்). அப்ரூவல் கோடு 041872, 042915 என இரண்டு பரிவர்த்தனையும் என் ஸ்டேட்மென்ட்டில் ஏறியுள்ளன. பில் ஒன்றுதான். 041872க்கான ₹6,840ஐ அதே கார்டுக்குத் திருப்பி, ஏஆர்என் எண்ணைத் தெரிவிக்கவும். அந்தத் தொகை உங்களுக்கு வரவில்லை என்றால் அதையும் எழுத்தில் தெரிவிக்கவும். ஏழு வேலை நாளில் பதில் எதிர்பார்க்கிறேன். பில், ஸ்லிப், ஸ்டேட்மென்ட் நகல் இணைத்துள்ளேன்.

கடைசி வரிகளுக்கு முந்தைய அந்த "வரவில்லை என்றால்" வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கடை பணம் தரச் சம்மதிக்காவிட்டாலும், "இந்த எண்ணுக்கு எங்களுக்குப் பணம் வரவில்லை" என்று எழுதித் தந்தால், அந்தப் பரிவர்த்தனைக்குத் தாங்கள் எந்தப் பொருளும் தரவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகிறது. வங்கியிடம் காட்ட அதைவிட நல்ல காகிதம் கிடையாது. "பேங்க்ல பாத்துக்கோங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கடையிடம் கேட்டீர்களா என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

முதல் முறை கார்டு ஃபெயில் என்று சொல்லி, நீங்கள் யுபிஐயில் கட்டியிருந்தாலும் வழி இதேதான். இரண்டாவது ஒப்புதல் எண்ணுக்குப் பதில் யுபிஐயின் யுடிஆர் எண்ணைப் போடுங்கள்.

பில் கட்டும் தேதி வந்துவிட்டால்

இதில்தான் புதியவர்கள் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். தகராறில் இருக்கும் தொகையை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டிவிட்டால், கட்டாத பாக்கிக்கு வட்டி ஏறும். வட்டியில்லாக் காலச் சலுகையும் போகும். கடை ரீஃபண்ட் கடைசி நாளுக்கு முன்னால் கார்டில் வந்துவிட்டால் வங்கி அதைக் கட்ட வேண்டிய தொகையில் கழிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. வரவில்லை என்றால், முடிந்தவரை முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். திரும்பி வரும் ₹6,840 கார்டில் வரவாக நிற்கும், அடுத்த பில்லில் கழியும். அக்கா அப்படித்தான் 9ஆம் தேதிக்கு முன்பே முழுவதும் கட்டினார். முழுத் தொகை கையில் இல்லை என்றால், கட்டும் முன் வங்கிக்கு எழுதி, அந்தத் தொகையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வராத வரை நிறுத்தியதாக நினைக்காதீர்கள்.

கடை கைவிரித்தால் சார்ஜ்பேக்

காலக்கெடுவை மறந்து கடையோடு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. இருமுறை வசூலுக்கு விசாவில் 120 நாள், மாஸ்டர்கார்டில் 90 நாள். இது உங்கள் வங்கி கடையின் வங்கிக்கு அனுப்ப வேண்டிய கெடு. வங்கிகள் வாடிக்கையாளருக்கு வைக்கும் கெடு இதைவிடக் குறைவாக இருக்கும். அதனால் கடைக்குக் கொடுத்த ஏழு வேலை நாள் முடிந்து, ஒரு நினைவூட்டலுக்கும் பதில் இல்லை என்றால் வங்கிக்குப் போய்விடுங்கள்.

நெட் பேங்கிங்கிலோ ஆப்பிலோ டிஸ்ப்யூட் படிவம் இருக்கும். அதில் காரணம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிதானமாகப் படியுங்கள். "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்பதைத் தட்டிவிட்டால் அது மோசடிப் புகாராகிவிடும். கார்டை முடக்கி விடுவார்கள். பின் நம்பர் அடித்த பரிவர்த்தனை என்பதால் புகாரும் நிற்காது. நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை வசூல் என்ற காரணம். திரையில் Duplicate என்ற சொல் இருக்கும். யுபிஐயில் கட்டிய கேஸாக இருந்தால் Paid by other means என்பது. பில், ஸ்லிப், கடைக்கு அனுப்பிய கடிதம், வந்த பதில், இரண்டு ஒப்புதல் எண்கள் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக இணையுங்கள். ஐந்து நாளில் திரும்பாததற்கான நாளுக்கு ₹100 இழப்பீட்டையும் அதே கடிதத்தில் கேளுங்கள், ஸ்லிப் வராத கேஸாக இருந்தால்.

கடை ரீஃபண்ட் போட்டுவிட்டதாகச் சொல்லி ஏஆர்என்னும் தந்திருக்கும்போது சார்ஜ்பேக் போடாதீர்கள். இரண்டும் ஒன்றாக ஓடினால் கடை தன் ரீஃபண்ட்டைக் காட்டி எதிர்வாதம் செய்யும். வங்கி உங்களுக்குக் கொடுத்த தற்காலிக வரவைத் திரும்ப எடுக்கும். அது வட்டியோடு சேர்ந்து குழம்பினால் பிரித்தெடுக்கப் பெரும்பாடு. வங்கி தற்காலிக வரவு கொடுத்திருந்தால் முடிவு வரும் வரை அந்தப் பணத்தைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

வங்கியும் முப்பது நாளில் பதில் தராமல் போனால், அல்லது தந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. இதற்காக ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கிக் கட்டடத்துக்கு அலைய வேண்டியதில்லை. சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வங்கிக்கு முதலில் எழுதிய கடிதமும் புகார் எண்ணும் இல்லாமல் அங்கே போனால் புகாரை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குறைதீர்ப்பாளர் விசாரிப்பது வங்கியை மட்டும்தான். கடை பணத்தை வைத்துக்கொண்டு மறுக்கிறது என்பதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தனியாகப் புகார் பதிய வேண்டும்.